பத்து இருபதுக்கு ஒரு டிக்

எங்கள் பள்ளி அலுவலகத்தில் எனக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். முதுகு வளையாமல் உட்கார்வதால் வைத்தது. என் காதில் விழாதபடிதான் சொல்வார்கள், ஆனால் எனக்குத் தெரியும். உள்ளுக்குள் அதில் எனக்குப் பெருமையும் உண்டு. முப்பத்தொரு வருடத்தில் தலைமை ஆசிரியையிடம் ஒருநாள்கூட நான் கைகட்டி விளக்கம் சொன்னதில்லை.

அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர். நான் கண்காணிப்பாளர். புதிதாக வந்த கிளார்க் பெண் ஒருத்தி. சர்க்குலர்களை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோகும் பியூன். கிளார்க் வருவதற்கு முன்னால் வருகைக்கு ஒரு நோட்டு, சர்க்குலருக்கு ஒரு நோட்டு, பெற்றோருக்குச் செய்யும் போனுக்கு ஒரு நோட்டு. ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. அவள் வந்த இரண்டாவது வாரமே மூன்றையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, நாளுக்கு ஒரே ஒரு தாளை அட்டையில் செருகி ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டினாள். வேலை, யார் செய்வது, நேரம், முடிந்ததா, குறிப்பு. ஐந்து கட்டம், அவ்வளவுதான்.

"இது என்னம்மா, மளிகை லிஸ்ட் மாதிரி?" என்றேன்.

"மளிகை லிஸ்ட்டை யாரும் மறக்கறதில்லையே சார்" என்றாள்.

பியூன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் நானே அந்தத் தாளுக்கு அடிமையாகிவிட்டேன். ஒன்பதரைக்குள் எல்லா வகுப்பிலிருந்தும் வருகைத் தாள் வந்துவிட வேண்டும். வராதவர்களின் பெயரைத் தாளில் ஏற்றி, லீவு லெட்டர் இல்லாதவர்கள் வீட்டுக்குப் பத்தரைக்குள் போன் செய்ய வேண்டும். யாராவது எடுத்துப் பேசினால்தான் டிக். எடுக்காவிட்டால் ஒரு வட்டம் போட்டு, பன்னிரண்டு மணிக்கு மறுபடி கூப்பிட வேண்டும். பேசியது யார், என்ன சொன்னார் என்பது குறிப்பில் வரவேண்டும். 'பிள்ளை வராவிட்டால் பத்தரைக்குள் உங்களுக்குப் போன் வரும்' என்று பெற்றோருக்குப் போன சர்க்குலரை எழுதியவனும் நான்தான்.

அன்று எட்டாம் வகுப்பு பி பிரிவுத் தாளில் வராதவர்கள் மூன்று பேர். மூன்றாவது பெயர் என் பேத்தியுடையது.

என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் என் மகனுக்கும் மருமகளுக்கும் சண்டை. ஆறு நாளுக்கு முன்னால் அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பேத்தி அங்கிருந்து பஸ்ஸில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தாள். அலுவலகத்தில் யாருக்கும் இது தெரியாது. தெரியவிட மாட்டேன் என்றுதான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்று ஒரு பேச்சு எழுந்ததே கிடையாது.

போன் இருப்பது ஜன்னல் ஓரம். அங்கே நின்று பேசினால் பணம் கட்ட வந்தவர், சர்ட்டிபிகேட் வாங்க வந்தவர் எல்லார் காதிலும் விழும். கிளார்க் ரிசீவரை எடுத்தாள்.

"சார், இது நம்ம பாப்பா பேரு. வீட்ல ஏதாவது சொன்னாங்களா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ அடுத்ததைக் கூப்பிடு."

என்னை அவமானப்படுத்தவே மருமகள் பெண்ணை அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானாகக் கூப்பிட்டுக் கேட்டால் அவளிடம் இறங்கிப்போனதாக ஆகிவிடும். தாளை எடுத்தேன். கிளார்க் பேருக்கு நேராக இருந்த கட்டத்தில், பத்து இருபது என்று எழுதி டிக் போட்டேன். குறிப்பில் இரண்டு வார்த்தை: 'அம்மா, காய்ச்சல்'. பிறகு மாற்றுச் சான்றிதழ் வேலையில் மூழ்கிவிட்டேன்.

நாலரை மணிக்கு மேல் மருமகள் ஜன்னலில் வந்து நின்றாள். முகம் வியர்த்திருந்தது. என்னை அவள் பார்க்கவில்லை.

"எட்டாவது பி. என் பொண்ணு இன்னைக்கு வரலை. எனக்கு ஏன் போன் வரலை?"

கிளார்க் தாளைக் கழற்றிப் பார்த்தாள். "போன் பண்ணியிருக்குங்க மேடம். பத்து இருபது. அம்மா பேசியிருக்காங்க, காய்ச்சல்னு..."

"எந்த அம்மா?"

கிளார்க் தாளை மறுபடி உற்றுப் பார்த்தாள்.

"காலைல நல்லாத்தான் கிளம்பினா. பஸ்ல வரும்போதே உடம்பு கொதிச்சிருக்கு. தாத்தா வீடு பக்கமாச்சேன்னு இறங்கிட்டா. வீடு பூட்டியிருக்கு. பூந்தொட்டிக்கு அடியில எப்பவும் இருக்கற சாவியைக் காணோம். மூணரை வரைக்கும் மாடிப்படியிலயே கிடந்திருக்கா. மேல்வீட்டுக்காரங்க வேலை விட்டு வந்து பாத்துட்டு எனக்குச் சொன்னாங்க. இப்ப டாக்டர்கிட்ட அக்காகூட விட்டுட்டு வரேன். போன் வரலையே, ஸ்கூல்லதான் இருக்கான்னு நான் நிம்மதியா வேலை பாத்துட்டு இருந்தேன். உங்க சர்க்குலரை நம்பினேன்."

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டவன் நான். அவள் போன மறுநாள். நாங்கள் இல்லாத நேரத்தில் அவள் வந்து துணிமணி எடுத்துப் போகக் கூடாது என்று. அந்தச் சாவி அப்போதும் என் சட்டைப்பையில்தான் இருந்தது.

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். 'யார்' என்ற கட்டத்தில் கிளார்க் பேர் இருந்தது.

"பேசாமலேயே பேசினதா எழுதறதா? என்னம்மா இது? நாளைக்குள்ள எழுத்துல விளக்கம் குடு."

கிளார்க் என்னை ஒருமுறை பார்த்தாள். கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? இரண்டு அடி தள்ளி நின்ற பியூனுக்கே தெரியும். "சரி மேடம்" என்றாள்.

நான் உடனே வாயைத் திறக்கவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தலைமை ஆசிரியை திரும்பி, அறை வாசல்வரை போகும் வரை நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துதான் இருந்தேன். அந்தப் பத்து அடி தூரம்தான் இன்னும் என்னை உறுத்துகிறது.

"மேடம்" என்றேன். "அது நான் போட்ட டிக்."

"நீங்களா?"

"நான் போனே பண்ணலை. இவ என் மருமக. ஆறு நாளா எங்க வீட்ல இல்ல. அது இங்க யாருக்கும் தெரிய வேண்டாம்னு..."

ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்த இரண்டு பெற்றோர் கீழே பார்த்துக்கொண்டார்கள். மருமகள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டாக்டர்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்" என்று கிளார்க்கிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

விளக்கத்தை அன்றே நான் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாவியைத் தொட்டிக்கு அடியில் வைத்தேன். மகனிடம் நடந்ததைச் சொன்னேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பெண்ணைப் பார்க்கப் போனான்.

மறுநாள் ஒன்பதரைக்கு எட்டு பி தாள் வந்தது. ஒரே ஒரு பெயர். கிளார்க் அதைத் தாளில் ஏற்றிவிட்டு, 'யார்' கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். நான் அதில் என் பெயரை எழுதினேன்.

"சார், உள்ள இருக்கற போன்ல வேணா பேசுங்களேன்" என்றாள், மெதுவாக.

"வேண்டாம்மா. இங்கயே பேசறேன்."

ஜன்னலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எண்ணை அழுத்தும்போது பியூன் சர்க்குலர் கட்டை எண்ணுவதை நிறுத்திவிட்டான். நாலாவது மணியில் எடுத்தாள்.

"வணக்கம். ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து பேசறேன். எட்டாவது பி, பொண்ணு இன்னைக்கு வரலை."

பதினாறு வருடமாக என்னை 'மாமா' என்று கூப்பிட்ட குரல்.

"காய்ச்சல் சார். நூத்தி ஒண்ணு. லெட்டர் அனுப்பறேன்."

"சரிம்மா." ரிசீவரை வைக்க மனம் வரவில்லை. "சாவி தொட்டிக்கு அடியிலேயே இருக்கு."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் பேத்தி இருமுவது கேட்டது. யாரோ தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் சத்தம். பிறகுதான் துண்டித்தாள்.

ஒன்பது நாற்பத்தெட்டு. டிக் போட்டேன். குறிப்பில் எழுத வேண்டியது நேற்று எழுதிய அதே இரண்டு வார்த்தைதான். எழுதினேன். கிளார்க் அதைப் பார்க்காததுபோல் அடுத்த வகுப்புத் தாளை என் பக்கம் தள்ளினாள்.