விளம்பரத்தை எடுத்தாள், எண்ணை விட்டுவிட்டாள்

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். குளிர்பதனக் கிடங்கின் மேலாளர், மனிதவள அதிகாரி, சம்பளப் பிரிவில் வேலை பார்க்கும் கொழுந்தன், சரக்குத் திட்டப் பிரிவில் இருக்கும் அவனுடைய அண்ணி. தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அவரை ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக் கதை சொல்பவர்கள் அங்கே இல்லாதவர்கள்.

மேசை மேல் அண்ணியின் கடிதம் கிடந்தது. சம்பளத்தை மறுபரிசீலனை செய்யும்படி அவள் மேலாளருக்கு எழுதியது. அதில் ஒரு எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

கொழுந்தனை எதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுடைய சம்பளக் கணக்கு அவன் கையிலேயே இல்லை. ஒரே வீட்டு ஆட்கள் என்று சேரும்போதே எழுதிக் கொடுத்தாயிற்று. அவளுடையதை இன்னொருவர் பார்க்கிறார். இவனானால் ஆபீஸ் பேச்சை வாசலிலேயே செருப்போடு கழற்றிவிட்டு வருகிறவன். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் கைநீட்டியதில்லை, யாருடைய ரகசியத்தையும் தூக்கிக்கொண்டு அலைந்ததும் இல்லை.

மேலாளர் கடிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. கோபமா ஒரு வரி இல்ல. அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“என்ன சந்தேகம் சார்?”

“படிங்க, சொல்றேன்.”

அவளுக்கு மனப்பாடமாகவே தெரியும். மூன்று இரவு உட்கார்ந்து எழுதியது. ‘கடந்த மறுபரிசீலனைக்குப் பிறகு என் பொறுப்புகள் மாறியுள்ளன. காலாவதித் தேதி நெருங்கிய சரக்கு முதலில் வெளியேறும்படி வரிசையை மாற்றியதில், வீணாகும் சரக்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. வாடகைக்கு எடுத்திருந்த வெளிக்கிடங்கைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. இதில் ஏற்றும் பிரிவினரின் உழைப்பும் உண்டு. விலகிச் சென்றவரின் இரவு அட்டவணைப் பணியையும் இப்போது நானே கவனிக்கிறேன்.’ அடுத்த பத்தியில் சந்தை நிலவரம்: இதே பொறுப்புக்குப் பொதுவில் வெளியான விளம்பரங்கள் காட்டும் சம்பளம் எதிலிருந்து எதுவரை என்று. இரண்டு விளம்பரங்களைப் பின்னால் இணைத்திருந்தாள். கடைசியில், ‘நிறுவனத்தின் வரம்புக்குள் இயன்றதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். தங்களுக்கு வசதியான நேரத்தில் நேரில் பேசவும் தயாராக இருக்கிறேன்.’

வீட்டுச் செலவு என்று ஒரு வார்த்தை இல்லை. விலகிவிடுவேன் என்று ஒரு ஜாடை இல்லை. “கெஞ்சுற மாதிரியும் இருக்கக் கூடாது, மிரட்டுற மாதிரியும் இருக்கக் கூடாது” என்று கணவன் சொல்லியிருந்தான். முதல் பிரதியில் ‘கட்டாயம்’ என்று இருந்ததை அவளே அடித்தாள்.

“மேல் வரம்புன்னு ஒரு எண் போட்டிருக்கீங்களே” என்றார் மேலாளர். “ரெண்டு விளம்பரத்தையும் பார்த்துட்டேன். ரெண்டுலயும் அது இல்ல.”

மனிதவள அதிகாரி தொண்டையைச் செருமினார். “போன மாசம் ரெண்டாவது கிடங்குக்கு ஒருத்தரை எடுத்தோம். உங்க வேலைதான். அவருக்குக் கொடுத்த சம்பளம் அந்த எண். சில்லறை மாறாம அப்படியே.”

“அவரோட முதல் சம்பளத்தைப் போட்டது யாருன்னு நான் சொல்லணுமா?” என்றார் மேலாளர். அவர் பார்வை கொழுந்தன் மேல் போய் நின்றது.

அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். “சார், நான் வீட்டுல வேலையைப் பத்தி வாயே தெறக்கறதில்ல.”

“வாய் தெறக்க வேண்டாமே. வீட்டுக்கு லேப்டாப் எடுத்துட்டுப் போறீங்கல்ல?”

அப்போது அவன் அண்ணியைப் பார்த்தான். ஒரு கணம்தான். ஆனால் அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் திறந்து கிடக்கும்போது தாண்டிப் போகிறவள் அவள்தான். மேலாளர் சந்தேகப்பட்டால் அது வேலை. ஒரே உலைச் சோறு சாப்பிடுகிறவன் சந்தேகப்பட்டால் அதற்கு எங்கே போய் மனுக் கொடுப்பது?

சம்பள விவரம் வெளியே போனது உறுதியானால் அவனுக்கு வேலை போகும். வேறெந்த நிறுவனமும் அவனிடம் சம்பளக் கணக்கை நம்பிக் கொடுக்காது. திருட்டுக் கண் வைத்த குடும்பம் என்ற பேர் மட்டும் மிச்சமாக இருக்கும்.

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்வதில்தான் சிக்கல். முதலில் அவள் வைத்திருந்தது மூன்று விளம்பரங்கள். மூன்றாவது, ஒரு ஆள்சேர்ப்பு ஏஜென்சி போட்டது. கம்பெனி பெயர் இல்லை, ஆனால் கிடங்கும் சாலையும் இவர்களுடையதுதான். புதிதாக வருகிறவனுக்கு இவ்வளவு, இருக்கிறவளுக்கு அவ்வளவுதானா என்று குத்திக் காட்டுவது போலாகும் என்று அதை உருவி வைத்துவிட்டாள். விளம்பரத்தை எடுத்தவள், அதைப் பார்த்துப் பத்தியில் போட்ட எண்ணை நீக்க மறந்துவிட்டாள். மரியாதை பார்த்து வந்த வினை.

இப்போது காட்டினால் கடிதத்தின் தன்மையே மாறிவிடும். வேண்டுகோளாக வந்தது குற்றச்சாட்டாக உட்காரும். சம்பளமும் கூடாது, மேலாளரின் முகமும் மாறும். காட்டாவிட்டால்?

அவள் கைபேசியை எடுத்து, அந்த மூன்றாவது விளம்பரத்தின் படத்தைத் திறந்து, மேசை நடுவில் வைத்தாள்.

“அந்த எண் இதுலேர்ந்து எடுத்தது சார். பொதுவுல வந்தது. தேதி மேலயே இருக்கு. நம்ம கம்பெனியைக் குறை சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு இணைக்கல. அது என் தப்பு. எண்ணையும் எடுத்திருக்கணும்.”

மேலாளர் படித்தார். கைபேசியை மனிதவள அதிகாரியிடம் தள்ளினார். அவர் கண்ணாடியை ஏற்றி வைத்துப் பார்த்தார். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் முகவரியில் அவருடைய பெயரே இருந்தது.

“சம்பளத்தைப் போடாதீங்கன்னு ஏஜென்சிகிட்ட சொல்லியிருந்தேன்” என்றார் கம்மிய குரலில்.

“சொன்னீங்க. அவங்க ஊருக்கே சொல்லிட்டாங்க” என்றார் மேலாளர். பிறகு கொழுந்தனிடம், “நீங்க போகலாம்” என்றார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அண்ணி எழுந்திருக்கவில்லை.

“சார், அவன் மேல சந்தேகம் இல்லன்னு சொல்லிட்டு அனுப்புங்க. சம்பளத்தை நீங்க அப்புறம் பாருங்க. இதை இப்ப சொல்லணும்.”

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் வேண்டவில்லை, உரிமையோடு கேட்டாள். மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

“உங்க மேல ஒண்ணுமில்ல தம்பி” என்றார்.

மாடிப்படியில் கொழுந்தன் காத்திருந்தான்.

“அண்ணி, ஒரு நிமிஷம் நானும் நெனச்சுட்டேன்.”

“தெரியும். பார்த்தேன்.”

“தெறந்து போட்டுட்டுக் குளிக்கப் போறது என் பழக்கம். அதான்...”

“இனிமே மூடிட்டுப் போ. குளிக்கிறதையும் கொஞ்சம் சுருக்கு. வீட்டுல தண்ணி பத்தல.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அன்று அவர்கள் தனித்தனி பேருந்தில்தான் வீடு போனார்கள். மறுநாளிலிருந்து அவன் லேப்டாப்பைத் தன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அதையும் அவள் கவனித்தாள்.

மனிதவளப் பிரிவு அந்தப் பொறுப்பின் சம்பள வரம்பைத் திரும்பப் பார்த்தது. தலைமை அலுவலக ஒப்புதல் வரச் சில வாரம் ஆயிற்று. புதியவனின் அளவுக்கு வரவில்லை; ஆனால் நெருங்கி வந்தது. மீதியை ஆண்டு மறுபரிசீலனையில் பார்ப்பதாக எழுத்தில் கொடுத்தார்கள்.

சரக்கு ஏற்றும் மேடையிலும் தேநீர் இயந்திரத்தின் பக்கத்திலும் இன்றைக்கும் ஒரு பேச்சு ஓடுகிறது. கொழுந்தன் கணக்கைக் காட்டிக் கொடுத்தான், அண்ணி அதை வைத்து மேலாளரை மிரட்டிச் சம்பளம் வாங்கினாள் என்று. அது பொய். அவன் எதையும் காட்டவில்லை. அவள் யாரையும் மிரட்டவில்லை. அந்த எண்ணை வெளியே விட்டது கம்பெனி கொடுத்த விளம்பரம்.