கணக்கில் வராத இலைகள்

கல்யாணச் சமையலுக்குத் தனியாளாகவே போய்வந்த வேலுச்சாமி, ஒரே முகூர்த்தத்தில் இரண்டு வீடுகளை ஒப்புக்கொண்டுவிட்டு, கர்ணன் என்ற இளைஞனை முதன்முதலாக ஆளாகச் சேர்த்தார். தேனி வீட்டைத் தான் வைத்துக்கொண்டு, கடமலைக்குண்டு வீட்டை அவனிடம் விட்டார். அடுப்பு வெட்டும் ஆழம், குழம்பை இறக்கும் பக்குவம் எல்லாவற்றையும் வாய் வலிக்கச் சொல்லி அனுப்பினார்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. எந்த வீட்டுக்காரரும் வண்டிக்காரர்களையும் குழந்தைகளையும் இலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டார் சொல்லும் கணக்குக்கு மேல் பாதி கூட்டித்தான் வேலுச்சாமி எப்போதும் சோறு வடிப்பார். அதையும் சொல்லிவிட்டால் நாளைக்கே இவன் தனியாகக் கிளம்பிவிடுவானே என்று, நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிவிட்டார்.

சாயங்காலம் அவர் கடமலைக்குண்டு போனபோது சோற்று அண்டா காலியாகக் கிடந்தது. சாப்பிடாத வண்டிக்காரர்கள், மாட்டைப் பூட்ட மாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் புறப்பட முடியாமல் முகம் கறுத்து நின்றார்கள். பெண்ணின் தகப்பன் சுருளியாண்டி அவர்மேல் பாய்ந்தார்.

"உம்ம கையை நம்பித்தானய்யா கூப்பிட்டேன்! ஒண்ணும் தெரியாதவனை அனுப்பி என் மானத்தை வாங்கிட்டீரே!"

கர்ணன் குறுக்கே வந்தான்.

"அண்ணனை ஏசாதீக. அவுக ஒண்ணு விடாம சொல்லித்தான் அனுப்புனாக. எனக்குத்தான் கூறு இல்ல."

வேலுச்சாமி அவன் முகத்தைப் பார்க்காமல், வண்டிக்காரர்களுக்கு வடிக்க அரிசி களையக் குனிந்தார்.