டவர் தாங்குமா

சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மீரா பீவி ஆபரேட்டர். ஊருக்கே டிரங்க் கால் போட்டுக் கொடுப்பாள். சார்ஜாவிலிருந்த கணவன் மைதீன் பாட்சாவிடம் மட்டும் சரியாகப் பேச முடிந்ததில்லை. லைன் கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் இரைச்சல். "நல்லாருக்கீங்களா மச்சான்" என்று கத்துவாள், அவனும் கத்துவான். கல்யாணமான இரண்டு வருஷமாகக் கத்திச் சொல்லக்கூடியதை மட்டுமே சொல்லிக்கொண்டார்கள்.

எண்பத்தாறில், எக்ஸ்சேஞ்சின் பின்பக்க டவரில் இன்னும் இரண்டு டிஷ் ஆன்டெனா ஏற்றத் திட்டம் வந்தது. வெளிநாட்டுக் கால்களும் திருநெல்வேலி வழியாகத்தான் வரும்; டிஷ்ஷை ஏற்றினால் அங்கே நிறைய லைன் கிடைக்கும், இரைச்சலும் குறையும். டவர் தாங்குமா என்று பார்க்க இன்ஜினியர் ஆவுடையப்பன் வந்தார். மேலே ஏறி ஒவ்வொரு இரும்புச் சட்டத்தின் அகலத்தையும் கனத்தையும் அளந்தார். துருவைச் சுரண்டிப் பார்த்தார். அஸ்திவாரத்தின் வரைபடம் கிடைக்காததால் டவரின் ஒரு கால் ஓரமாகக் குழி தோண்டச் சொல்லி, கான்கிரீட் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று பார்த்தார்.

கணக்கு முடிந்த அன்று மீரா பீவி அவரிடம் போய்க் கேட்டாள்.

"இப்ப ஏத்த முடியாதும்மா" என்றார்.

டிஷ்ஷின் எடை பெரிதில்லை, காற்றுதான் சங்கதி என்று சொன்னார். டவரின் சட்டங்களுக்கு நடுவே காற்று புகுந்து போய்விடும். டிஷ் முழுசாக மறித்து நிற்கும், அதுவும் உச்சியில். நாலு கால்களும் தாங்கும். ஆனால் கீழ்த்தட்டுக் குறுக்குச் சட்டங்கள் மெலிசு, அமுக்கம் கூடினால் வளைந்துவிடும். அஸ்திவாரமும் போதாது. புயல் தள்ளும்போது காற்று வரும் பக்கத்துக் கால் மண்ணைவிட்டு மேலே எழப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிக்கிற கான்கிரீட்டும் அதன் மேலுள்ள மண்ணும் கனம் குறைவு.

"ஒண்ணை மட்டுமாவது ஏத்தக்கூடாதா சார்?"

"அதுக்கும் கணக்குப் போட்டுட்டேன். சட்டம் தாங்குது, அஸ்திவாரம் தாங்கல." அவர் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். விசைத்தறிக் கொட்டகைகளிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. "விழுந்தா அங்கனதான் விழும்."

அந்த வாரம் முழுக்க அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

குறுக்குச் சட்டங்களை மாற்றினார்கள். நாலு கால்களையும் சுற்றித் தோண்டி, பழைய கான்கிரீட்டில் துளைபோட்டுக் கம்பி செருகி, புதிய கான்கிரீட்டை அதோடு பிணைத்துப் போட்டார்கள். அது இறுகியபின் மண்ணை நிரப்பி இடித்தார்கள். நடுவில் மழை வந்து வேலை நின்றது. பாட்சாவின் லீவும் தள்ளிப்போனது. டிஷ் ஏறியபோது பங்குனி ஆகிவிட்டது.

சார்ஜாவிலிருந்து முதல் டிரங்க் கால் வந்த மத்தியானம், பழக்கத்தில் கத்தினாள்.

"மெதுவாப் பேசு. கேக்குது" என்றான் அவன்.

அவன் மூச்சுவிடுவது கூடக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி. கத்திச் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லிவிட வேண்டுமென்று இத்தனை நாள் இருந்தவளுக்கு வாய் வரவில்லை.

"எப்ப வாரீங்க?" என்றாள், மெல்ல.

அந்தப் பக்கம் அவன் பதில் தேடித் தயங்குவதும் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.