வெளிப்பக்கம் திறக்கும் கதவு

கணினித் திரையின் மேல் வரிசையாக நின்ற குட்டிப் பொத்தான் படங்களில் ஒன்றுகூட அவளுக்குத் தெரிந்த முகமாக இல்லை. கட்டட வரைபடம் வரைவதை விட்டுப் பத்து வருஷம். பக்கத்து மேசைப் பெண் "எதுன்னாலும் கேளுங்கக்கா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையில் முங்கிப்போனாள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. குருட்டுத் தைரியத்தில், பழைய வழக்கப்படி ஒரே ஓர் எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினாள். கோடு வந்தது. இன்னோர் எழுத்து, அதற்கு இணையாக இன்னொரு கோடு. படங்களைத்தான் மாற்றியிருந்தார்கள், கட்டளைகளை அல்ல. புத்தி மறந்ததை விரல் மறக்கவில்லை.

இன்று ஒரு நாள் பார்ப்பதாகவும், சரிப்பட்டால் வேலை என்றும் தலைமைப் பொறியாளர் சொல்லியிருந்தார். முதியோர் இல்லம் ஒன்றின் வரைபடம். பன்னிரண்டு அறை, அறைக்கொரு குளியலறை. விட்டுப்போன அளவுகளை எழுதவேண்டும், நாலு மணிக்கு அச்செடுத்துக் கட்டுமான இடத்துக்கு அனுப்பவேண்டும். வாயை மூடிக்கொண்டு எழுதினால் வேலை அவளுக்கு.

ஏழாவது அறையில் கை நின்றது. கதவு திறக்கும் பக்கத்தைக் காட்டும் கால்வட்டம் குளியலறைக்குள் விழுந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள், எல்லா அறையிலும் அப்படித்தான். வீட்டில் மாமியார் விழுந்தது அப்படியொரு கதவுக்குப் பின்னால்தான். தள்ளத் தள்ள அவர் மேலேயே இடித்தது. கழற்றலாம் என்றால் கீல்களும் உள்பக்கம். தச்சர் வந்து பலகையை அறுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. உள்ளேயிருந்து வந்த முனகல் பாதியில் நின்றது அவளுக்கு இன்னும் கேட்கும்.

வந்ததும் வராததுமாகக் குறை சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் எழுந்து போய்ச் சொன்னாள்.

"வெளிய திறந்தா அலமாரில இடிக்கும்மா. அதனாலதான் உள்ள வெச்சோம்" என்றார் பொறியாளர்.

"அலமாரிய எதிர்ச் சுவருக்கு மாத்திப் பாத்தேன் சார். கதவும் இடிக்கல, சக்கர நாற்காலி திரும்பவும் இடம் இருக்கு. விழுந்தவங்களே கதவுக்கு அடைப்பா கிடப்பாங்க சார். நான் பாத்திருக்கேன்."

அவர் எழுந்து வந்து அவள் திரையில் இரண்டு இடங்களை அளந்தார். பிறகு மணியைப் பார்த்தார். மூன்று.

"பன்னெண்டையும் மாத்திடுங்க. மேகம் போட மறந்துடாதீங்க."

மாற்றிய இடத்தைச் சுற்றி நெளிநெளியாகக் கோடு போடுவதற்கு மேகம் என்று பெயர். அந்தக் காலத்தில் அவள் கையாலேயே போட்ட மேகம். அவள் விரல்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைப் பெண் தன் வேலையை நிறுத்திவிட்டாள். கெட்டிக்காரி என்பது வேகத்தில் மட்டுமா தெரிந்தது. ஒவ்வொரு கதவுக்கும் கட்டிலுக்கும் உள்ள தூரத்தை மறுபடி சரிபார்த்தாளே, அதில் தெரிந்தது.

கடைசியாகத் திருத்தப் பட்டியல். தேதி, திருத்தம், திருத்தியவர். கடைசிக் கட்டத்தில் அவள் தன் முழுப்பெயரை எழுதினாள்.

"பேர்ல ரெண்டு எழுத்து போதும்க்கா."

"தெரியும்மா" என்றாள், அழிக்காமல்.

அச்சு இயந்திரம் அகலத் தாளை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது. பன்னிரண்டு மேகங்களும் ஒவ்வொன்றாக வந்தன. பின்னாலேயே, கட்டத்துக்குள் அடங்காமல் கோட்டைத் தாண்டிக்கொண்டு, அவள் பெயர்.