வீங்கிய முட்டி

டைல்ஸ் பதிக்கிறவருக்கு முட்டிதான் முதல். நாள் முழுக்க மண்டி போட்டே வேலை. அதனால் பொழுது சாய்ந்தால் அவர் மனைவிக்கு இரண்டாவது வேலை தொடங்கிவிடும். யூனிஃபார்ம் தைக்கும் கடையில் பகலெல்லாம் மெஷின் மிதித்துவிட்டு வந்தவள், நல்லெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் காய்ச்சி, அவர் முட்டியைச் சுற்றி இதமாகத் தேய்ப்பாள். பிறகு வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி வைப்பாள். இறுகிக் கிடந்த கால் இளகும். "அப்பாடா" என்பார். அந்த ஒற்றைச் சொல்லோடு அவள் கூலி பைசல்.

அன்று நொண்டிக்கொண்டே வந்து கட்டிலில் சாய்ந்தார். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தவள், பேன்ட்டை மடித்துவிட்டதும் திடுக்கிட்டாள். வலது முட்டி பன் மாதிரி உப்பி, தோல் பளபளவென்று சிவந்திருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தாள். கொதித்தது. இடது முட்டியைத் தொட்டாள். அது சாதாரணமாக இருந்தது. வலது முட்டியின் நடுவில் டைல்ஸ் சில்லு கீறிய சின்னக் காயம் ஒன்று காய்ந்திருந்தது.

"இது வழக்கமான வலி இல்லைங்க. எண்ணெய் வேணாம், ஒத்தடமும் வேணாம். காலை தலையணை மேல வைங்க, ஈரத்துணி போடறேன். அப்புறம் டாக்டர்கிட்ட போவோம்."

"சும்மா வலிச்சப்ப எல்லாம் தேய்ச்சே. இப்ப நிஜமாவே உயிர் போகுது, இப்ப மாட்டேங்கிற."

"வீங்கிக் கெடக்குதுங்க. சூடு வேற அடிக்குது."

"உனக்கு அலுப்பு. அதைச் சொல்லேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் தேய்த்த கைக்கு இந்தப் பட்டம். அதற்குள் அவர் போனை எடுத்து, அடுத்த தெருவில் இருந்த தன் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்.

நாத்தனார் வந்ததும் வராததுமாகச் சேலையை இழுத்துச் செருகினாள். "எங்கேம்மா உப்பு டப்பா?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் நுழைந்தாள்.

"அண்ணி, செவந்து வீங்கின எடத்துல சூடு வெக்கக் கூடாது. அழுத்தித் தேய்ச்சா அதிகமாகும்."

"வீக்கம்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? கெட்டது உள்ள கட்டிக்கிச்சு. உருவிவிட்டா கலைஞ்சிரும். நீ நகரு."

"வேணாம் அண்ணி. சொன்னாக் கேளுங்க."

"உனக்குப் புருஷன்னா எனக்குத் தம்பிம்மா."

அவள் கணவரைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவரோ, "அக்கா செய்யட்டும், விடு" என்று கண்ணை மூடிக்கொண்டார். நாத்தனார் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒற்றினாள். அப்புறம் எண்ணெயை ஊற்றிப் பெருவிரலால் முட்டியை அழுத்தி உருவினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பிடிப்பு விடுதுக்கா" என்றார். மனைவி சுவரில் சாய்ந்து, கையைப் பிசைந்தபடி நின்றாள். பேருக்குக்கூட ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

விடியும்போது அவருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. சிவப்பு தொடைப்பக்கம் ஏறியிருந்தது. காலை மடக்கவும் முடியவில்லை, ஊன்றவும் முடியவில்லை. ஆட்டோவில் தூக்கி உட்கார வைப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஊசி குத்தி முட்டியிலிருந்து நீரை இழுத்தார். கலங்கிய மஞ்சளாக வந்தது. அதைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, கிருமியை அடக்கும் மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார்.

"கீறல் வழியா கிருமி உள்ள போயிருக்கு. முட்டிச் சில்லுக்கு முன்னால இருக்கிற பையில சீழ் வெச்சிருக்கு. நல்லவேளை, மூட்டுக்குள்ள போனதாத் தெரியலை. இதை யாராவது தேய்ச்சீங்களா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவிதான் சொன்னாள். "தேய்ச்சாங்க. உப்பு ஒத்தடமும் குடுத்தாங்க."

"வேலை செஞ்சு இறுகிப்போன மூட்டுக்கு இளஞ்சூட்டு எண்ணெயும் ஒத்தடமும் தப்பில்லை. ஆனா திடீர்னு வீங்கி, செவந்து, சூடா இருந்தா ரெண்டும் ஆகாது. சூடு வெச்சா வீக்கம் ஏறும். அமுக்கினா கிருமி பரவலாம். கூடவே காய்ச்சல் வந்தா அன்னிக்கே வரணும்."

"நேத்தே சொன்னேன், டாக்டர்" என்றாள் அவள், கணவரைப் பார்த்துக்கொண்டே. அவர் மருந்துப் பாட்டிலில் சொட்டு விழுவதைக் கவனமாகப் பார்த்தார்.

சாயங்காலத்துக்குள் காய்ச்சல் தணிந்தது. நாத்தனார் பழப்பையோடு வந்து சேர்ந்தாள். கட்டுப் போட்ட முட்டியைப் பார்த்தாள், நர்ஸிடம் விஷயம் கேட்டாள், முகம் வாடிப்போனாள். தம்பியின் நெற்றியைத் தடவிவிட்டு மெல்லத் தம்பி மனைவி பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, தேய்க்கக் கூடாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் இப்போதாவது வாய் திறப்பார் என்று காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "விடுக்கா, அவளுக்கு எடுத்துச் சொல்ல வராது" என்றார்.

அவள் தண்ணீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அங்கிருந்த குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு, "சொன்னேன், சொன்னேன், சொன்னேன்" என்றாள். குடுவை நிரம்பி வழிந்தது. அவள் மூடவில்லை.