இரண்டாகப் பிரித்த மல்பெரி

என் அண்ணன் ஜான்பீட்டர் மஸ்கட்டில் கொத்தனார். அவர் பணம் வரும்போது கத்தையாக வரும். பிறகு மூன்று நான்கு மாதங்களுக்கு ஒன்றுமே வராது. கம்பெனிக்காரன் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வான் என்பார். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ராயக்கோட்டை மளிகைக்கடைக்காரருக்கு மஸ்கட் கம்பெனியின் நியாயம் எதற்கு? குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு? இரண்டு இடத்திலும் அண்ணி அருள்மேரிதான் தலை குனிந்து நிற்க வேண்டியிருந்தது.

அதனால்தான் அண்ணி எண்பத்தேழில் வீட்டை ஒட்டிய அரை ஏக்கரில் மல்பெரி நட்டு, பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்தார். மறு வருஷம் முதல் தடவையாக நூறு முட்டைத் தொகுதி வாங்கினார். கூடு நன்றாக விளைந்தது, விலையும் கிடைத்தது. ஆனால் அரை ஏக்கர் இலையையும் புழு தின்று தீர்த்திருந்தது. வெட்டிய செடி மறுபடி தழைத்து இலை கொடுக்க இரண்டு மாதத்துக்கு மேலாகும். அதுவரை தட்டுகள் காலி. கையில் வந்த பணமும் கரைந்தது.

"இதுவும் உங்கண்ணன் மாதிரியேதான் இருக்குது ஜெயமணி. வந்தா மழை, வரலேன்னா காய்ச்சல்" என்றார் அண்ணி.

நான் அப்போது மாலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாடத்தில் ஒரு பக்கத்தை இரண்டு பத்திகளாகப் பிரித்து அடிக்கச் சொல்வார்கள். அன்று அடித்துக்கொண்டிருந்தபோதே தோட்டத்தின் நினைவு வந்தது. தோட்டத்தையும் இரண்டாகப் பிரித்தால் என்ன? மேற்குப் பாதியில் இலை வெட்டும்போது கிழக்குப் பாதி தழைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஐம்பது முட்டைத் தொகுதி. கூடு பாதிதான் கிடைக்கும். ஆனால் மாதம் ஒரு தடவை போல வந்துகொண்டே இருக்கும். சொல்வதற்கு எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. புழுவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

அண்ணி கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாதி பாதியா? ஊர்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும் அண்ணி."

சிரித்தார்கள். ஆனால் அந்த ஆண்டு மளிகைக்கடைக்காரருக்குப் பயந்து அண்ணி சுற்றுவழியில் போகவில்லை.

அண்ணன் விடுமுறையில் வந்து இறங்கிய நாளில் புழுக்கள் நான்கு தோலும் உரித்துக் கடைசிப் பருவத்தில் இருந்தன. மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கும் மேல் அந்த ஒரு வாரத்தில்தான் தின்னும். வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அண்ணனுடைய சட்டையிலிருந்து வந்த செண்டு வாசனை தெருவையே நிறைத்தது. கையில் சிகரெட் வேறு.

"எங்க உன் புழுவு? பாக்கலாம்" என்று சிரித்தபடி புழு மனைக்குள் நுழையப் போனார்.

அண்ணி குறுக்கே நின்றார். "உள்ள வராதீங்க."

"என்னாது?"

"செண்டு வாசம் புழுவுக்கு ஆகாதுங்க. சிகரெட்டும் ஆகாது. குளிச்சிட்டு வேற சட்டை போட்டுட்டு வாங்க."

எங்கள் பெரியம்மா மகன் சூசை தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏன்டா பீட்டரு, ஏர்போட்ல விட்டாங்க, உம்பொண்டாட்டி விடலியே!"

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. அன்று அவர் குளிக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. சாப்பாட்டின்போது முடிவாகச் சொன்னார். "அரை ஏக்கர வெச்சிக்கிட்டு கால் கால் ஏக்கராப் பிச்சை எடுக்கறது ஒரு பொழைப்பா? மல்பெரியப் புடுங்கிட்டு தக்காளி வெக்கறேன். ராயக்கோட்டை மண்டியில வெலை ஏறிச்சின்னா ஒரே போகத்துல அள்ளிறலாம். டிராக்டருக்கு அடுத்த வாரம் சொல்லிட்டேன்."

"எறங்கிச்சின்னா?" என்றார் அண்ணி.

"எப்பவுமா எறங்கும்?"

"நீங்களும் எப்பவும் பணம் அனுப்பாம இருக்கறதில்ல. ஆனா அனுப்பாத மாசத்துல அரிசி யாரு தர்றது?" அண்ணி குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கூடு மார்க்கெட்டுக்குப் போய் வரட்டும். அப்பறம் டிராக்டர் விடறதுன்னா விடுங்க."

அண்ணன் சரி என்றார். ஒரே ஒரு தடவையின் விளைச்சலை நம்பி அண்ணி தோட்டத்தையே பணயம் வைத்துவிட்டார். நான் சொன்ன யோசனையால்தான் கூடு பாதியாகக் குறைந்தது. தோற்றால் தோட்டம் போய்விடும்.

மறுநாள் இலை வெட்ட வரும் மாரம்மா வரவில்லை. தக்காளி பறிக்கக் கூலி அதிகம் என்று போய்விட்டாள். தட்டுகளில் காம்புதான் மிச்சம். புழுக்கள் தலையைத் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. நானும் அண்ணியும் எவ்வளவு வெட்டியும் ஈடுகொடுக்க முடியவில்லை. சற்று நேரத்தில் கிணற்றடியில் தண்ணீர் சத்தம் கேட்டது. அண்ணன் சீயக்காய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார். பழைய பனியனோடு வந்து என் கையிலிருந்த அரிவாளை வாங்கினார்.

"புழுவுக்குப் பட்டினி போடறதுக்கு நான் ஒண்ணும் கம்பெனிக்காரன் இல்ல" என்றார். மாலைவரை வெட்டினார்.

அதற்குப் பிறகு புழுக்கள் தீனியை நிறுத்தின; உடல் மஞ்சள் கண்ணாடி போல ஆனது. மூவரும் அவற்றைப் பொறுக்கி, கூடு கட்டுவதற்காக சந்திரிகை எனப்படும் வட்டமான மூங்கில் தட்டிகளில் விட்டோம். மூன்றாம் நாளே கூடு கெட்டியாகத் தெரிந்தது.

"பிரிச்சி எடுத்துக்கிட்டுப் போலாம் வா" என்று அவசரப்பட்டார் அண்ணன்.

"உள்ள புழு இன்னும் கூட்டுப்புழுவா மாறலீங்க. இப்ப எடுத்தா நசுங்கிக் கறை பட்டுரும்" என்று ஐந்தாம் நாள் வரை அண்ணி கை வைக்கவில்லை. பிறகு எடுத்து, மெலிந்ததையும் கறை பட்டதையும் இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூட்டையும் தனியாக ஒதுக்கினார். மூட்டை இன்னும் சிறுத்துப்போயிற்று. அண்ணன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மார்க்கெட்டில் எங்கள் கூடு பெரிய பெரிய குவியல்களுக்கு நடுவில் ஒரு தட்டில் கிடந்தது. நூற்பாளர்கள் கையை விட்டு அளைந்து ஏலம் கேட்டார்கள். கிலோ ஐம்பத்தெட்டு ரூபாயில் நின்றது.

"குடுத்துறு. நல்ல வெலைதான்" என்றார் அண்ணன்.

"கட்டாதுங்க. அடுத்த சுத்துக்கு நிறுத்தறேன்" என்று அண்ணி ஏலக்காரரிடம் சொல்லிவிட்டார்.

இரண்டாம் சுற்றில் விலை இறங்கிப்போனவர்களையும் அங்கே பார்த்திருக்கிறோம். கர்நாடகப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முதியவர் கூடு ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே முழுசாக மாறியிருந்த கூட்டுப்புழு கடகடவென்று உருண்டது. இன்னும் நாலைந்து எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"கூடு சென்னாகிதே அம்மா" என்று, கூடு நன்றாக இருப்பதாகக் கன்னடத்தில் சொல்லிவிட்டு ஏலத்தில் இறங்கினார். அறுபது. அறுபத்து மூன்று. அறுபத்தாறில் மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

அன்றைய மார்க்கெட்டில் அதுவரை அதற்கு மேல் எந்தக் குவியலும் போகவில்லை. பெரிய குவியல்காரர்கள் எங்கள் சின்னத் தட்டை எட்டிப் பார்த்தார்கள். எடை போட்ட எழுத்தர், "பேரு?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணன் ஒதுங்கி நின்று, "அருள்மேரி. அவங்கதான்" என்றார். அவர் குரலில் மஸ்கட்டைச் சொல்லும்போதுகூட அவ்வளவு மிடுக்கு இருந்ததில்லை.

பஸ்ஸில் அண்ணன்தான் கேட்டார். "அடுத்த கூடு எப்ப?"

"கெழக்குப் பாதி எலை வெட்டுக்கு வந்தாச்சி. முட்டைக்குச் சொல்லியாச்சி. அடுத்த மாசம்."

"அதுக்கு அடுத்த மாசம்?"

"மேக்குப் பாதி."

அண்ணன் தலையை ஆட்டினார். "நான் டிராக்டர்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"எதுக்கு?" என்றார் அண்ணி. "வரட்டும். ரோட்டோரத்துல உங்கப்பா நெலம் கால் ஏக்கர் சும்மாதான கெடக்குது? அத உழுதுட்டுப் போகட்டும். அங்கயும் மல்பெரிதான் வெக்கப் போறேன்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மனத்துக்குள் மூன்றாகப் பிரித்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை ஒரு தடவைதான் போட்டேன்.