கழற்றி வைத்த இன்டெக்ஸ்

தொட்டி கழுவும் காரத் திரவம் ஒரு டிரம் நிறைய குடிநீரில் கலந்துவிட்டது என்று நீரேற்று நிலையத்திலிருந்து தகவல் வந்தபோது மணி பத்து இருபது. வால்வை உடனே மூடிவிட்டார்கள். ஏற்கெனவே குழாய்க்குள் போன தண்ணீரை யார் திரும்பக் கூப்பிடுவது? அந்தத் தொட்டியின் குழாய்களுக்கு ஐம்பது மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம் 'குடிக்காதீர்கள், காய்ச்சினாலும் ஆகாது' என்று குறுஞ்செய்தி போயாக வேண்டும்.

குடிநீர் அலுவலகத்தின் தரவுத்தளம் அவள் பொறுப்பு. ஒரு நிமிடத்தில் தேடலை எழுதி ஓட்டிவிட்டாள். போன மாதம் ஒத்திகையில் இதே தேடல் நான்கே விநாடியில் முடிந்தது. அந்த மிதப்பில் காபியைக் கையில் எடுத்தாள்.

காபி ஆறிப் போனது. திரையில் ஒன்றும் வரவில்லை. சர்வருக்கு வேறு வேலை இருக்கும், இதோ முடிந்துவிடும், நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்று அவள் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். படித்தவர்கள் ஏமாறுவதே இப்படித்தான்.

பத்து நாற்பத்தெட்டுக்கு மேலாளர் வந்து நின்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னம்மா, இன்னுமா வரல? ஊர் முழுக்க அனுப்பிடலாமா?"

"எண்பது லட்சம் வீட்டுக்கும் போய்ச் சேர சாயங்காலம் ஆயிடும் சார். வேணுங்கிறவங்களுக்கு எப்போ கிடைக்கும்னு சொல்லவே முடியாது."

இதற்கு மேல் பொறுக்க முடியாமல், தேடல் எந்த வழியில் போகிறது என்று தரவுத்தளத்தையே கேட்டாள். ஒவ்வொரு குழாய்த் துண்டுக்கும் முழுப் பட்டியலையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பதாகப் பதில் வந்தது.

தேடலுக்கு வழிகாட்டும் இன்டெக்ஸ் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புது வீடுகளின் விவரத்தை ஏற்றினாள். வரிக்கு வரி இன்டெக்ஸையும் திருத்திக்கொண்டு போனால் நேரமாகும் என்று அதைக் கழற்றிவிட்டு ஏற்றினாள். எல்லோரும் செய்வதுதான். ஏற்றி முடித்ததும் திரும்பப் போட வேண்டும். அவள் போடவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, தங்கையின் இரட்டைக் குழந்தைகளைப் பார்க்கக் கிளம்பிப் போய்விட்டாள்.

"கம்ப்யூட்டர்தானே, ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் மேலாளர்.

"இன்டெக்ஸ் இல்ல சார். குழாய்த் துண்டு நாலாயிரம். ஒவ்வொண்ணும் எண்பது லட்சம் வீட்டையும் பார்த்து, நீ பக்கத்துல இருக்கியான்னு கேட்டுட்டு இருக்கு. மூவாயிரத்து இருநூறு கோடி தடவை. ஊருக்கு அந்தக் கோடியில இருக்கிற வீட்டையும் விடாம."

"இன்டெக்ஸ் இருந்தா?"

"கிட்ட கிட்ட இருக்கிற வீடுகளை ஒரு கட்டத்துக்குள்ள போட்டு, அந்தக் கட்டங்களைப் பெரிய கட்டத்துக்குள்ள போட்டு வெச்சிருக்கும். குழாயைச் சுத்தி அம்பது மீட்டர்ல ஒரு கட்டம் சேராதுன்னா, அதுக்குள்ள இருக்கிற லட்சம் வீட்டையும் திறந்தே பார்க்காது. மிஞ்சுற கொஞ்ச வீட்டுக்கு மட்டும் தூரத்தைச் சரியா அளக்கும்."

பேசிக்கொண்டே ஓடும் தேடலை வெட்டினாள். இன்டெக்ஸ் கட்ட உத்தரவு கொடுத்தாள். கட்டி முடிய மூன்று நிமிடம். பிறகு அதே தேடலை, ஓர் எழுத்து மாற்றாமல், மறுபடி ஓட்டினாள்.

நான்கு விநாடி. பதினெட்டாயிரத்துச் சொச்சம் வீடுகள்.

மேலாளர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவுதானா?" என்று மெதுவாகக் கேட்டார். செருப்பால் அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

பத்து ஐம்பத்தைந்துக்குக் குறுஞ்செய்திகள் கிளம்பின. பதினொன்றுக்கு அவள் கைபேசி அடித்தது. தங்கை.

தங்கை வீடு அந்தத் தொட்டிப் பக்கமே இல்லை என்றுதான் இதுவரை நம்பியிருந்தாள். போன வருடம் அந்தத் தெருவில் போட்ட புதுக் குழாய் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்கோம். பெரியவளுக்குப் பால் பவுடர் கரைச்சுக் குடுத்தேன். வாந்தி எடுக்கிறா, வாயெல்லாம் செவந்து கிடக்கு."

"எப்போ குடுத்தே?"

"கால் மணி நேரம் ஆச்சு. சின்னவளுக்குக் குடுக்கலாம்னு பாட்டிலை எடுத்தேன், உங்க ஆபீஸ் மெசேஜ் வந்துச்சு. அப்படியே கீழே போட்டுட்டேன்." தங்கையின் குரல் உடைந்தது. "நீதான்க்கா சின்னவளைக் காப்பாத்தின."

பின்னால் ஒரு குழந்தை மட்டும் அழும் சத்தம் கேட்டது. எந்தக் குழந்தை என்று கேட்க அவளுக்குத் துணிவில்லை.

"இல்லடி," என்றாள். "அந்த மெசேஜ் பத்து இருபத்தஞ்சுக்கே வந்திருக்கணும்."